கார் தவணை முடிந்த மாதம்

2025 ஜூலையில் எங்கள் காரின் கடைசித் தவணை கழிந்தது. ஐந்து வருடமாக மாதம் 3,000 ராண்ட் எங்கள் கண்ணில் படாமலே வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அது போகவில்லை. சம்பளம் கூடவில்லை, லாட்டரி விழவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரே வாரத்தில் அந்த 3,000 ராண்டுக்கு நான்கு சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். நகரத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. பெரியவள் பதினோராம் வகுப்பு, சின்னவன் ஆறாம் வகுப்பு. மாமியார் எங்களோடுதான்.

கணவர் இன்னொரு சிறிய கார் வேண்டும் என்றார், எனக்காக. அவர் வேலை பைன்டவுன் பக்கம், என் வேலை அதற்கு நேர் எதிர்த் திசை. நான் தினமும் இரண்டு டாக்ஸி மாறிப் போகிறேன் (இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன்). பிள்ளைகளுக்குத் தனியாக ஸ்கூல் வேன். பெரியவளுக்குக் கணக்கு டியூஷன் வேண்டியிருந்தது. எனக்கு, பணத்தை வங்கியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க ஆசை. மாமியார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "வீட்டுக் கடன்ல போடு."

அது ஆடி மாதம். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டுச் சொம்போடு வந்தவர், நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பொருளியலில் வாய்ப்புச் செலவு என்று சொல்வது கிட்டத்தட்ட அந்தக் கூழ்ச் சமாச்சாரம்தான். ஆஸ்திரியப் பொருளியலர் ஃப்ரீட்ரிக் ஃபான் வீசர் இதை ஒரு கோட்பாடாக வளர்த்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்காக விட்டுக்கொடுத்தவற்றில் எது சிறந்ததோ அதன் மதிப்புதான் தேர்ந்தெடுத்ததன் உண்மையான விலை. கடையில் கேட்கும் விலை அதில் ஒரு பகுதியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

'எது சிறந்ததோ' என்ற சொல்லில்தான் பலரும் வழுக்குவார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. வீட்டுக் கடனில் போடலாம் என்று நான் கொஞ்சம் சாய்ந்ததும் கணவர் விரல் விட்டு எண்ணினார். "அப்போ கார் போச்சு, டியூஷன் போச்சு, சேமிப்பு போச்சு, டிசம்பர்ல உன் ஊருக்குப் போறதும் போச்சு." கேட்க நான்கு இழப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த 3,000 ராண்டை வைத்து நான்கையும் வாங்கியிருக்கவே முடியாது. அதிகபட்சம் ஒன்றை வாங்கியிருக்கலாம். ஆகவே போனதும் ஒன்றுதான், விட்டவற்றில் தலையாய ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் எந்த முடிவும் நஷ்டமாகவே தெரியும். அப்புறம் முடிவே எடுக்க மாட்டோம். முடிவெடுக்காத மாதத்தில் அந்தப் பணம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: வெள்ளிக்கிழமை சாப்பாடாகவும் புது செருப்பாகவும் மாறிக் காணாமல் போகும்.

மாமியார் சொன்னதை முதலில் எடுத்துக்கொண்டேன். இங்கே வீட்டுக் கடனை எல்லோரும் பாண்டு என்றுதான் சொல்வோம். எங்கள் பாண்டில் 8,00,000 ராண்ட் பாக்கி, இன்னும் 15 வருடம். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி அந்த ஜூலைக் கடைசியில்தான், வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 7 சதவீதத்துக்குக் குறைத்திருந்தது. வங்கிகள் தங்கள் கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி அதைவிட 3.5 புள்ளி அதிகம், ஆக 10.5 சதவீதம். எங்கள் பாண்டும் அதே வட்டிதான். மாதத் தவணை 8,843 ராண்ட்.

அதோடு மாதம் 3,000 சேர்த்துக் கட்டினால் 15 வருடக் கடன் 8 வருடம் 7 மாதத்தில் முடிந்துவிடும். வட்டியில் மிச்சமாவது ஏறக்குறைய 3,76,000 ராண்ட். வங்கிகளின் கணிப்பான்களில் பெரிய எழுத்தில் வரும் எண் இந்த வகைதான். பார்த்ததும் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது வாய்ப்புச் செலவுக்கு இடம் தராத எண். பாண்டில் போடாவிட்டால் அந்த 3,000 கடலில் விழுந்துவிடும் என்று அது பேசாமலே வைத்துக்கொள்கிறது. உண்மையில் அது இன்னோரிடத்தில் வளர்ந்திருக்குமே. அதனால் என்னுடைய ஆசையையும் அதே கால அளவுக்கு ஓடவிட்டுப் பார்த்தேன். 32 நாள் முன்பே சொன்னால்தான் பணத்தை எடுக்க முடிகிற முன்னறிவிப்புக் கணக்கு ஒன்றில் 7.5 சதவீதம் சொன்னார்கள். பாண்டுக்கு வழக்கமான தவணையை மட்டும் கட்டி, 3,000 ராண்டை மாதாமாதம் அதில் போட்டால், அதே 8 வருடம் 7 மாதத்தில் 4,32,000 ராண்ட் சேர்ந்திருக்கும். அன்று பாண்டில் பாக்கி 4,94,000 இருக்கும். சேமிப்பை எடுத்து அப்படியே பாண்டை அடைக்கப் பார்த்தால் 62,000 ராண்ட் குறையும்.

அப்படியானால் பாண்டின் உண்மையான மேன்மை அறுபதாயிரத்துச் சொச்சம்தான். 3,76,000 அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருந்த மூன்று லட்சம் எங்கே போனது? சேமித்திருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டி ஒரு பங்கு. மீதி, ஆறு வருடத்துக்கு மேல் முன்கூட்டியே நாமே கைப்பணத்தைக் கட்டியதால் வட்டி ஓடாமல் போன காலம். 15 வருடக் கணக்கையும் எட்டரை வருடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த மயக்கம் வரத்தான் செய்யும். ஒப்பிடும்போது இரண்டு வழியையும் ஒரே தேதியில் நிறுத்தி, அன்று கையில் என்ன, கடன் என்ன என்று பார்க்க வேண்டும்.

இருந்தாலும் அறுபதாயிரம் அறுபதாயிரம்தான். பாண்டு ஜெயித்தது. வரியும் அதன் பக்கம்தான். அந்த வரியாண்டில் 65 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு வருடத்தில் 23,800 ராண்ட் வரை வட்டி வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் போனால் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். 7.5 சதவீதத்தில், சேமிப்பு 3,17,000 ராண்டைத் தாண்டும்வரை எனக்கு அந்தக் கவலையே இல்லை. அதற்கு ஆறு ஏழு வருடமாகும். ஆகவே 'வரி போய்விடும், அதனால் பாண்டில் போடு' என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னது ஆரம்ப வருடங்களுக்குப் பொருந்தாது. பாண்டில் மிச்சமாகும் வட்டிக்கோ வரி என்ற பேச்சே கிடையாது. அது வருமானம் அல்ல, கட்டாமல் விட்ட செலவு.

வரியில்லாச் சேமிப்புக் கணக்கு ஒன்றும் இங்கே உண்டு. அந்த ஆண்டு அதன் வரம்பு 36,000 ராண்ட், அதாவது மாதம் சரியாக 3,000. எங்களுக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அதில் பங்குச் சந்தை நிதியைப் போட்டால் 10.5 சதவீதத்துக்கு மேல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பாண்டில் போட்ட ராண்ட், பாண்டு வட்டி எதுவோ அதை நிச்சயமாகச் சம்பாதிக்கிறது. நிச்சயமான பத்தரையையும் ஒருவேளை வரக்கூடிய பன்னிரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, மறைக்க மாட்டேன்: ஒரு வருட வரம்பைப் பயன்படுத்தாவிட்டால் அது அடுத்த வருடத்துக்கு வராது. முப்பது வயதில் எங்கள் நிலையில் இருப்பவர்கள் வேறு முடிவுக்கு வந்தால் நான் சண்டை போட மாட்டேன்.

பாண்டில் கூடுதலாகப் போடுமுன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூடுதலாகக் கட்டியதைத் தேவைப்பட்டால் திரும்ப எடுக்க முடியுமா? சில பாண்டுகளில் அந்த வசதி உண்டு, சிலவற்றில் கிடையாது, சிலவற்றில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். வசதி இல்லாவிட்டால் அந்தப் பணம் செங்கலாகிவிடும். கூரை ஒழுகும் நாளில் வீட்டின் மதிப்பைக் காட்டி யாரும் தகரம் தர மாட்டார்கள். அப்போது சேமிப்புக் கணக்கின் அறுபதாயிரக் குறை ஒன்றும் பெரிதில்லை. கைக்கெட்டும் பணத்துக்குக் கொடுக்கும் விலை என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பாண்டில் வசதி இருந்தது. ஆனால் அந்த வசதியே ஆபத்து என்று கணவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. யாராவது சொந்தக்காரர் கல்யாணம் என்றால் முதலில் அதில்தான் கை வைப்போம்.

இன்னொரு சின்ன ஓட்டை. வட்டி குறையும்போது வங்கி மாதத் தவணையையும் குறைத்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால், ஒரு பக்கம் கூடுதலாகக் கட்டிக்கொண்டே மறுபக்கம் குறைவாகக் கட்டுவோம். அந்த நவம்பரில் ரெப்போ மறுபடி 0.25 புள்ளி இறங்கியபோது எங்கள் தவணை நூறு ராண்டுக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. மாதாமாதம் தானாகக் கட்ட வங்கிக்குக் கொடுத்திருந்த நிலையான கட்டளையில் பழைய தொகையையே வைத்துக்கொண்டோம்.

கார் கணக்கு இதைவிடச் சுவாரசியம். கணவர் பார்த்து வைத்திருந்தது 1,40,000 ராண்ட் பழைய கார். 12.5 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை 3,150. "கிட்டத்தட்ட நம்ம 3,000 தானே" என்றார். கார் விற்பவர்கள் எல்லோரும் தவணையைத்தான் சொல்வார்கள், நாமும் தவணையைத்தான் கேட்போம். நான் மீதியை எழுதினேன். காப்பீடு 900. பெட்ரோல் 1,300. சர்வீஸ், டயருக்கு மாதம் 500 எடுத்து வைக்க வேண்டும். நகரத்தில் பார்க்கிங் 450. மொத்தம் 6,300. இதில் மிச்சமாவது ஸ்கூல் வேன் 1,500, என் டாக்ஸி 1,000. ஆக மாதம் 3,800 ராண்ட் கூடுதல் செலவு. இருப்பதைவிட 800 அதிகம்; அதை மளிகையில்தான் பிடிக்க வேண்டும்.

சரி, பிடித்துவிட்டோம் என்றே வையுங்கள். காருக்காக மளிகையில் 800 பிடிக்க முடியும் என்றால் பாண்டுக்காகவும் பிடிக்க முடியும். அந்த 3,800 ராண்டை ஐந்து வருடம் பாண்டில் போட்டிருந்தால் கடன் 2,98,000 குறைந்திருக்கும். ஐந்தாம் வருடக் கடைசியில் காரை 60,000 ராண்டுக்கு விற்றாலும் மீதி 2,38,000. பலகையில் 1,40,000 என்று எழுதியிருந்த காருக்கு எங்கள் வீட்டில் அதுதான் விலை. பக்கத்து வீட்டுக்காரருக்கு பாண்டு கிடையாது, அவருக்கு அதே காரின் விலை வேறு. ஒரே பொருளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வாய்ப்புச் செலவு.

ஆனால் செலவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் அது கஞ்சத்தனம். கார் வந்தால் எனக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் மிச்சம். மாதம் 22 நாள் வேலை என்றால் 33 மணி நேரம். 3,800 ராண்டை 33-ஆல் வகுத்தால் மணிக்கு 115 ராண்ட் கொடுத்து என் நேரத்தை நானே திரும்ப வாங்குகிறேன்.

என் ஒரு மணி நேரத்துக்கு 115 ராண்ட் தகுமா? கணவர் என் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து, தகும் என்றார். அது தப்பு. மிச்சமாகும் நேரத்தில் அலுவலகம் எனக்குக் கூடுதல் சம்பளம் தரப் போவதில்லை. அந்த நேரத்தை நான் உண்மையிலேயே எதற்குக் கொடுப்பேனோ அதுதான் அதன் மதிப்பு. பண்டிகை நாட்களில் முறுக்கு, அதிரசம் செய்து கொடுப்பேன். எண்ணெய், மாவு போக மணிக்கு 60 ராண்ட் நிற்கும். அதுவும் தீபாவளியை ஒட்டித்தான் கேட்பார்கள். மற்ற நாளில் அந்த நேரம் தூக்கத்துக்கும் சின்னவனோடு உட்கார்வதற்கும் போகும். அதற்கு ராண்டில் விலை போட எனக்குத் தெரியாது, போடவும் இல்லை. ஆனால் 115 என்ற எண் கையில் இருந்தால் ஒரு கேள்வியையாவது நேராகக் கேட்கலாம்: ஒரு மணி நேரம் முன்னாடி வீட்டுக்கு வர 115 ராண்ட் கொடுப்பேனா? மழை நாளில் கொடுப்பேன். தினமும் மாட்டேன்.

இந்த இடத்தில் மாமியார்தான் கணக்கைப் புரட்டிப் போட்டார். மூன்றாவது தெருவில் ஒரு நர்ஸ் இருக்கிறார், நகரத்து மருத்துவமனையில் வேலை, தினமும் காரில் தனியாகத்தான் போகிறார். "அவளோட போயேன்" என்றார். இங்கே இதற்கு லிஃப்ட் கிளப் என்று பெயர்; நாலு பேர் சேர்ந்து பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரு காரில் போவது. கேட்டேன். மாதம் 1,100 ராண்ட் என்று பேசி முடித்தோம். டாக்ஸியைவிட 100 ராண்ட்தான் கூட. மிச்சமாகும் நேரம் தினம் ஒரு மணி.

இப்போது கார் எதோடு போட்டி போடுகிறது என்று பாருங்கள். நேற்றுவரை டாக்ஸியோடு. இன்று லிஃப்ட் கிளப்போடு. கார் எனக்குப் புதிதாகத் தருவது தினம் அரை மணி, மாதம் 11 மணி நேரம்தான். அதற்குக் கூடுதல் செலவு 3,700. மணிக்கு 336 ராண்ட்! கார் மாறவில்லை, விலை மாறவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்தது மாறியதால் முதலிடத்தின் விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது. கணவர் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா எப்பவுமே இப்படித்தான்" என்றார்.

எங்கள் வீட்டு ஒப்பீட்டில் நான் கற்றது எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். கணக்கைத் துல்லியமாகப் போடுவதைவிடப் பட்டியலில் இல்லாத வழியைத் தேடுவதில் பலன் அதிகம். மோசமான மாற்று ஒன்றை மட்டும் பக்கத்தில் நிறுத்திவைத்தால் எந்தக் காரும் மலிவாகத் தெரியும்.

டியூஷனுக்கு வருகிறேன். பெரியவளுக்குக் கணக்கு தடுமாறிக்கொண்டிருந்தது. பள்ளியில், வேண்டுமானால் மேத்ஸை விட்டு மேத்ஸ் லிட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். மேத்ஸ் லிட் என்பது அன்றாடக் கணக்கு: வட்டி, அளவு, வரைபடம் படிப்பது. மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில், நல்ல மதிப்பெண் எடுப்பது அதில் சுலபம். ஆனால் பொறியியல், அறிவியல், பெரும்பாலான வணிகவியல் பட்டப் படிப்புகளுக்கு அது செல்லாது. அவளுக்கு மருந்தாளுநர் படிப்பில் ஆசை. அதற்கும் செல்லாது.

மேத்ஸ் லிட்டுக்கு மாறினால் செலவு சுழியம் ராண்ட். ஒரு காசு போகாது. ஆனால் அந்த வீட்டுப் பட்டியலிலேயே மிக விலை உயர்ந்த முடிவு அதுதான். டியூஷன் மாதம் 1,200, ஆகஸ்டிலிருந்து அடுத்த வருடம் அக்டோபர்வரை 15 மாதம், 18,000 ராண்ட். அதை பாண்டில் போட்டிருந்தால் அந்த 15 மாதக் கடைசியில் 19,145 ஆகியிருக்கும். ஆகவே டியூஷனின் வாய்ப்புச் செலவு பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். எதிர்ப்பக்கத்தில் மூடப்போகும் கதவுகள்.

இதில் பணத்தைவிடக் காலம் முக்கியம். பாண்டில் போடுவதை 2026 நவம்பரில் தொடங்கினாலும் அந்தத் தாமதத்துக்கு விலை உண்டு, அது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். டியூஷனை 2026 நவம்பரில் தொடங்க முடியாது. மெட்ரிக் பரீட்சை அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடும். காத்திருக்கக்கூடியதும் காத்திருக்க முடியாததும் மோதும்போது, காத்திருக்க முடியாததற்கு முதலில் கொடுத்துவிட்டால் மற்றதை முழுதாக இழக்க மாட்டோம், ஒத்திவைப்போம். டியூஷனுக்கும் உத்தரவாதம் இல்லை, அது உண்மை. அதனால் மூன்று மாதம் பார்ப்பது, டெர்ம் மதிப்பெண் ஏறவில்லை என்றால் நிறுத்துவது என்று அவளோடே பேசி வைத்துக்கொண்டோம். நிறுத்தும் நாளில் 'இவ்வளவு கட்டிவிட்டோமே' என்ற பேச்சு வரக் கூடாது என்றும் சொன்னேன். கட்டிய 3,600 ராண்ட் எந்தப் பக்கம் போனாலும் திரும்பாது. அன்று கேட்க வேண்டியது அடுத்த 1,200 எங்கே போனால் நல்லது என்பது மட்டும்தான்.

டியூஷன் போக 1,800 மிச்சம். அதை பாண்டில் போட எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் எல்லாக் கணக்குச் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு துணிக்கடை அக்கவுண்டில் 7,200 ராண்ட் பாக்கி. பள்ளிச் சீருடை, போன வருட தீபாவளித் துணி. இந்த வகைக் கடனுக்குச் சட்டப்படி அதிகபட்ச வட்டி ரெப்போவோடு 14 புள்ளி, அன்றைய நிலையில் 21 சதவீதம். அந்த உச்சியில்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாதம் 126 ராண்ட் வட்டி. தொகை சின்னதாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பத்தரை சதவீதமா ஏழரை சதவீதமா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு, இழுப்பறையில் இருபத்தொரு சதவீதம் தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே கட்டும் ஒவ்வொரு ராண்டும் பாண்டில் கட்டுவதைப் போல இரண்டு மடங்கு உழைக்கும். இதற்குக் கணிப்பானே வேண்டாம். வழக்கமான தவணையோடு 1,800-ஐயும் சேர்த்துக் கட்டி டிசம்பருக்கு முன்பே அதை மூடினோம். டிசம்பரில் அந்தக் கடைக்காரர்கள் கடன் வரம்பை உயர்த்தியிருப்பதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஆள் போனாலும் ஆசை போகாது போல.

ஜனவரியிலிருந்து 1,800-ம் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பழைய தவணையும் பாண்டுக்குப் போகின்றன. வீட்டுக் கடனில் வட்டி நாள்வாரி பாக்கியின் மேல் கணக்காகிறது. அதனால் சம்பளம் வந்த 25-ஆம் தேதியே கட்டளை போட்டிருக்கிறேன்; மாதக் கடைசிவரை வைத்திருந்தால் வட்டியும் ஓடும், பணமும் கரையும்.

மாமியாருக்கு இதில் பாதி வெற்றிதான், அதை அவர் விடவில்லை. முழு 3,000-ஐயும் போட்டிருக்க வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார். அவர் சிறுமியாக இருந்தபோது மேகசின் பாரக்ஸில், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தார்கள். 1960-களில், இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த இனவாரிப் பகுதிச் சட்டத்தின் கீழ் அங்கிருந்து கிளப்பி லாரியில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். 'நம் பேரில் இருக்கும் வீடு' என்ற சொல்லுக்கு அவர் போடும் மதிப்பு என் 10.5 சதவீதத்தில் அடங்காது. எனக்கு வட்டி விகிதம் தெரிகிறது, அவருக்கு அந்த லாரி தெரிகிறது. இரண்டாமிடத்தில் எதை வைப்பது என்பதை ஒவ்வொருவர் வாழ்க்கையும் வேறு வேறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்?

பெரியவள் கணக்கில் டெர்ம் மதிப்பெண் 43-லிருந்து 56-க்கு ஏறியிருக்கிறது. டியூஷன் தொடர்கிறது.

போன வாரம் நர்ஸ் அக்கா வந்து, அடுத்த மாதத்திலிருந்து தனக்கு இரவு ஷிப்ட் என்றார். லிஃப்ட் கிளப் முடிந்தது. அன்று இரவு கணவர் ஃபோனில் கார் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, என் பக்கம் திருப்பிக் காட்டினார். நானும் ஒன்றும் சொல்லாமல் பழைய காகிதத்தை எடுத்து 336-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 115 என்று மறுபடி எழுதினேன். நாளை காலையிலிருந்து வேறு யாராவது அந்தப் பக்கம் போகிறார்களா என்று விசாரிக்கச் சொல்லி மாமியாரிடம் கேட்டிருக்கிறேன்.